கறுப்புத் திரையில் எழுத்துக்கு வால் முளைத்தது

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டில் எங்கள் வீவக வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகலில் வெயில் நேராக மேசைமேல் விழும். கறுப்புத் தீமில் கோட் எழுதினால் திரையில் என் முகம்தான் தெரியும். இரவில் தொல்லை வேறு. வெள்ளை எழுத்து ஒவ்வொன்றுக்கும் சாய்வாக ஒரு வால். `{` எது, `(` எது என்று உற்றுப் பார்க்க வேண்டும்.

கோளாறு கண்ணிலா திரையிலா? தலையைத் தோள்பக்கம் சாய்த்தேன். வாலும் கூடவே சாய்ந்தது. திரையில் இருந்தால் அது அசையாது. அட்டையில் ஊசித்துளை போட்டு அதன் வழியே பார்த்தால் எழுத்து கூர்மையானது. சரி, கண்தான் என்று தேக்காவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். சிலிண்டர் பவர் இருந்தது, அதாவது கண் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி குவிக்கவில்லை. "இருட்டுத் திரையைப் பார்த்தா கண்பாப்பா விரியும் தம்பி. விரிய விரிய மங்கல் கூடத்தான் தெரியும்" என்றார் பரிசோதித்த அக்கா.

புதுக் கண்ணாடியில் வால் போய்விட்டது. ஆனால் எழுத்து இன்னும் தடித்தே இருந்தது. திரையைப் படம் பிடித்துப் பெரிதாக்கினேன். படத்திலேயே கோடுகள் பருத்திருந்தன. அப்படியானால் இது கண் இல்லை, மேக்கின் வேலை. 2018இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து அது பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூராக்குவதில்லை. சாம்பல் நிறத்தில் விளிம்பை மழுப்புகிறது, கோட்டையும் கொஞ்சம் தடிக்க வைக்கிறது. கறுப்புப் பின்னணியில்தான் இது நன்றாகத் தெரியும். என்னுடையது 27 அங்குல, 2560×1440 திரை. ரெட்டினா அளவுக்குப் பிக்சல் நெருக்கம் இல்லாததால் மழுப்பல் கண்ணில் படுகிறது. டெர்மினலில் இதைக் கொடுத்து, மேக் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன்:

```
defaults -currentHost write -g AppleFontSmoothing -int 0
```

கோடுகள் மெலிந்தன. வெள்ளைத் தீமுக்கு இது சற்று மெலிவுதான், அதனால் எழுத்துருவை ஒரு படி தடிமனாக, மீடியத்தில் வைத்தேன்.

அப்புறம் பகலுக்கு வெள்ளைத் தீம். விஎஸ் கோட் கணினியைப் பார்த்துத் தானே மாறிக்கொள்ள ஒரு வரி போதும்:

```
"window.autoDetectColorScheme": true
```

தனி டெர்மினலில்தான் சிக்கல். வெள்ளையில் `git log` காட்டும் மஞ்சள் கமிட் எண்கள் கிட்டத்தட்டக் காணாமல் போயின. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் பின்னணிக்கும் எழுத்துக்கும் குறைந்தது 4.5 விகித வேறுபாடு இருக்கும்படி நிறத்தைத் தானே திருத்திவிடும். என் தனி டெர்மினல் அதைச் செய்யவில்லை. அதன் நிறப் பட்டியலில் மஞ்சளைக் காப்பிப் பழுப்பாக்கினேன். `git`டில் மட்டும் நிறம் மாற்றினால் அடுத்த கருவி அதே மஞ்சளைக் கொண்டுவரும்.

மேக்கின் 'ஆட்டோ' சூரியன் மறைந்ததும் தீமை மாற்றும். இங்கே ஆண்டு முழுவதும் அது ஏழு மணியை ஒட்டித்தான். ஆனால் கணினி ஒரு நிமிடமாவது சும்மா இருந்தால்தான் மாறும். விடாமல் தட்டிக்கொண்டிருந்தால் எட்டு மணிக்கும் வெள்ளைத் திரைதான், அதனால் மாலையில் டீ போட எழுந்துவிடுகிறேன்.