ஆகஸ்ட் 16-ல் ஏறிய சம்பளம்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். போன வருடம் பதவி உயர்வு கிடைத்தது. 4,200 ரிங்கிட்டாக இருந்த சம்பளம் ஆகஸ்ட் 16 முதல் 5,100 என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, அந்த வருட மொத்த வருமானம் எவ்வளவு என்று பாரத்தில் கேட்டிருந்தது. இரண்டு சம்பளத்தையும் கூட்டிப் பாதியாக்கி, 12-ஆல் பெருக்கி 55,800 என்று எழுதிவிட்டேன். வங்கியில் இருந்த அக்கா பார்த்ததுமே, "ஜூலை முதல் தேதி ஏறியிருந்தால் இது சரிம்மா. உனக்குப் பழைய சம்பளம்தானே அதிக மாதம் வந்திருக்கு?" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன். ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் பழைய சம்பளம்: 29,400. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு மாதம் புதியது: 20,400. இவை இரண்டும் சுலபம். ஆகஸ்ட் மாதத்தைத்தான் உடைக்க வேண்டும். அதில் 31 நாள். 15-ஆம் தேதி வரை 15 நாள் பழைய விகிதம், 16 முதல் 31 வரை 16 நாள் புதிய விகிதம். 16-ஆம் தேதியையும் சேர்த்து எண்ண வேண்டும். 31-இல் 16-ஐக் கழித்து முதலில் 15 என்று எண்ணிவிட்டேன்.

```
4200 × 15 / 31 = 2032.26
5100 × 16 / 31 = 2632.26
```

ஆக, ஆகஸ்ட் 4,664.52. வருடத்துக்கு 54,464.52.

அப்புறம்தான் நவம்பர் சம்பளச் சீட்டை எடுத்தேன். அதன் மூலையில் அதுவரை வந்த மொத்தம் 48,900 என்று இருந்தது. டிசம்பர் சம்பளத்தைக் கூட்டினால் 54,000. என் கணக்குக்கும் அதற்கும் 464.52 இடித்தது. ஆகஸ்ட் சீட்டைப் பார்த்தேன், முழு 4,200. கடிதம் சம்பளப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த மாதச் சம்பளம் போட்டு முடித்திருந்தார்கள். செப்டம்பரில் புதிய சம்பளம் சரியாக வந்துவிட்டதால் எனக்கும் சந்தேகமே வரவில்லை.

கடிதத்தையும் இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய்ச் சம்பளப் பிரிவில் காட்டினேன். பாக்கியை எப்படிப் பிரிப்பீர்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் விடுப்புக்கும் கூடுதல் நேர வேலைக்கும் 26-ஆல் வகுப்பார்கள். இதற்கு மாதத்தின் நாட்களால்தான் வகுப்போம் என்றார்கள். என் கணக்கு ஒத்துப்போனது.

டிசம்பர் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே 'துங்காக்கான் காஜி', அதாவது சம்பளப் பாக்கி என்று தனி வரியில் 464.52 வந்தது. பாக்கிக்கும் இபிஎஃப் உண்டு என்பதால், என் பங்கு அந்த மாதம் மட்டும் 561-லிருந்து 616 ஆனது. பிப்ரவரியில் கையில் வந்த, வருட வருமானத்தைக் காட்டும் இஏ பாரத்தில் மொத்த சம்பளம் 54,464.52. வங்கிப் பாரத்திலும் அதே எண்ணைத்தான் திருத்தி எழுதியிருந்தேன்.