ஹார்ன் எந்தப் பக்கம்?

மேட்டுப்பாளையத்தில் சாமான் வாங்கிக்கொண்டு கோத்தகிரிக்கு ஏறிக்கொண்டிருந்தோம். மதியம் மூன்று மணி, லேசாக மஞ்சு இறங்கியிருந்தது. ஒரு வளைவை நெருங்கும்போது பஸ் ஹார்ன் கேட்டது. பின்னால் யாரோ முந்தப் பார்க்கிறார்கள் என்று கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அதற்குள் பக்கத்தில் இருந்த மனைவி, "ஏங்க, முன்னால, முன்னால!" என்று கத்திவிட்டாள். பஸ்காரர் நின்றுவிட்டார். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது அவருக்குத் தெரியும். என் பம்பருக்கும் அவர் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைந்து போகலாம், அவ்வளவுதான்.

எனக்கு அப்போது 71 வயது. நாற்பது வருஷமாக இதே ரோட்டில் ஓட்டுகிறவன். மஞ்சு மேல் பழியைப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதமே லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 55 வயதைத் தாண்டினால் ஐந்து ஐந்து வருஷமாகத்தான் கொடுக்கிறார்கள். அதற்குப் படிவம் 1ஏ என்கிற மருத்துவச் சான்றிதழ் வேண்டும். டாக்டர் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கையைக் காலை ஆட்டச் சொன்னார், பேசுவது கேட்கிறதா என்றார். பத்து நிமிஷத்தில் கையெழுத்து. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா, சாதாரண ஒலி சமிக்ஞை காதில் விழுமா என்பவையும் படிவத்தில் உள்ள கேள்விகள். இரண்டும் எனக்கு முடியும். பொய் இல்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை முழுசாகப் படித்தேன். கடைசிப் பகுதியில் ஒரு வரி. எதிர்வினை நேரம், பக்கவாட்டுப் பார்வை, கண் கூசிய பின் பார்வை மீளும் திறன், இந்த மூன்றையும் டாக்டர் சோதித்தாரா என்று கேட்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள், ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுபவருக்கு மட்டும் என்று போட்டிருக்கிறது. எனக்கு அது பொருந்தாது. ஆனால் அந்த வளைவில் எனக்குத் தேவைப்பட்டது இந்த மூன்றும்தானே? சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் கண். கோவையில் ஒரு கண் மருத்துவமனை. எழுத்துப் பலகையில் 6/9 வரை வந்தேன், மோசமில்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் புரை ஆரம்பித்திருந்தது. டாக்டர் விளக்கியது எனக்குப் பிடித்தது. பலகை என்பது வெள்ளையில் கறுப்பு, அதைப் படிப்பது சுலபம். மஞ்சுக்குள் வருகிற சாம்பல் நிற வண்டி வேறு விஷயம். புரை விழுந்த கண்ணில் வெளிச்சம் உள்ளேயே சிதறும், அதாவது வெளியே ஒரு மஞ்சு, கண்ணுக்குள் ஒரு மஞ்சு. எதிரே வரும் ஹெட்லைட் கண்ணில் அடித்தால் அது போன பிறகும் சில நொடிகள் ரோடு தெரியாது. ராத்திரியில் எனக்கு அப்படித்தான் இருந்தது. எல்லாருக்கும் அப்படித்தான் போல என்று நினைத்திருந்தேன்.

பக்கவாட்டுப் பார்வைக்கு ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இரண்டு வருஷத்தில் மூன்று முறை இடது பக்கம் ரோட்டோரக் கல்லில் உரசியது ஏன்? "கண்ணு பார்க்குதுங்க. முன்னால எதையோ தேடிட்டு இருக்கும்போது ஓரத்துல வர்றதை மூளை வாங்கிக்கிறது வயசாக ஆகக் குறையும்" என்றார் டாக்டர். அதற்கு ஆபரேஷன் கிடையாது. புரைக்கு உண்டு, அதைச் செய்துகொண்டேன்.

அடுத்தது காது. சின்ன வயதில் வலது காதில் சீழ் வடியும். சோதனையில் இடது காது சுமார், வலது அதைவிட ரொம்ப மந்தம் என்று வந்தது. ஹார்ன் கேட்கிறது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை என்ற புதிர் அங்கே அவிழ்ந்தது. திசை தெரிய இரண்டு காதும் வேண்டும். சத்தம் எந்தக் காதுக்கு முந்தி வருகிறது, எதில் பலமாக விழுகிறது என்பதை ஒப்பிட்டுத்தான் மூளை இடத்தைச் சொல்கிறது. ஒரு காது பின்தங்கினால் கணக்கு தப்பும். போதாததற்கு மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரி ஏறுவதற்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம், காது அடைத்துக்கொள்ளும். இண்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் கேட்காமல் அதை எரியவிட்டே கிலோமீட்டர் கணக்கில் போயிருக்கிறேன் என்று மகன் அப்போதுதான் சொன்னான். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

காதுக் கருவி வாங்கினேன். வீட்டில் அருமை. மலையில் ஹார்ன் கேட்க ஜன்னலை இறக்கினால், காற்று கருவிக்குள் புகுந்து இரைகிறது. ஏற்றினால் ஹார்ன் மங்குகிறது.

எதிர்வினை நேரத்துக்குப் பேரன் வழி சொன்னான். அவன் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் விடுவான், நான் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். நான் பிடித்தது 22 செ.மீ.யில், அவன் 18-இல். கால் நொடிக்கும் குறைவு என்றான், எனக்கு ஒரே பெருமை. அப்புறம் இரண்டு கைக்கும் ஒவ்வொரு ஸ்கேல், எது விழும் என்று சொல்ல மாட்டான். பத்தில் ஏழு முறை ஸ்கேல் முழுசாக நழுவித் தரையில் விழுந்தது. அவன் ஒன்றைத்தான் தவறவிட்டான். இது மருத்துவச் சோதனை இல்லை. ஆனால் வயதில் குறைவது எது என்று நன்றாகக் காட்டியது. தெரிந்த ஒன்றுக்குக் கை இன்னும் ஓடுகிறது. இதுவா அதுவா என்று முடிவு செய்வதில்தான் நேரம் போகிறது.

பஸ் விஷயத்தைத் தாளில் போட்டுப் பார்த்தேன். நான் மணிக்கு 25 கி.மீ., பஸ் 20 என்று வைத்தால், ஒரு நொடியில் இரண்டும் சேர்ந்து பன்னிரண்டு மீட்டருக்கு மேல் நெருங்கும். ஹார்ன் எங்கே என்று கண்ணாடியைப் பார்த்ததில் ஒரு நொடி. மஞ்சுக்குள் பஸ்ஸை அடையாளம் காண அரை நொடி. பிரேக்கா, ஓரம் ஒடிப்பதா என்று இன்னொரு அரை நொடி. மொத்தம் இருபத்தைந்து மீட்டர். எந்த ஒன்றும் தனியாக என்னைக் கவிழ்த்திருக்காது.

புரை எடுத்த பிறகு கண் தெளிந்தது, ராத்திரி வெளிச்சமும் முன்போல் கூசவில்லை. மூன்று மாதம் பகலில், மஞ்சு இல்லாத நாளில் மட்டும், கோத்தகிரிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். மனைவியை ஒரு வேலை செய்யச் சொன்னேன். நான் கவனிக்கும் முன்பே அவள் கவனித்ததை ஒரு நோட்டில் கோடு போட வேண்டும். முதல் மாதம் நான்கு கோடு. மூன்றாவது மாதம் பதினொன்று. ஒன்று மார்க்கெட் பக்கத்தில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பையன். அதன் பக்கத்தில் மட்டும் அவள் இரண்டு முறை அழுத்திக் கோடு போட்டிருந்தாள்.

லைசென்ஸ் 76 வரை செல்லும், பர்ஸில்தான் இருக்கிறது. காரை மகன் எடுத்துப் போய்விட்டான். வியாழக்கிழமை சாமான் வாங்க அடுத்த வீட்டு ஜீப் தம்பி வருவான், பெட்ரோலுக்கு நான் கொடுக்கிறேன். மற்ற நாளில் பஸ். சாயங்காலக் கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் ரேட்டு. அதில் மட்டும் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.