இனிப்புக் கடை ஒன்றுக்கு நிறம் தேர்ந்த அனுபவம்

தஞ்சைப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்பாவும் மகனுமாக நடத்திவரும் ஒரு சிறிய இனிப்புக் கடைக்குப் பெட்டி, பை, ஸ்டிக்கர், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் ஒரே தோற்றத்தில் அமைத்துத் தரும் வேலை சென்ற ஆண்டு என்னிடம் வந்தது. பெரியவருக்கு நிறத்தைப் பற்றி உறுதியான கருத்து ஒன்று இருந்தது. "மஞ்சள் இல்லாம மிட்டாய்க்கடையா, தம்பி?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டார். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று அவர் மனத்தில் இருந்த வரிசையைத் திரையில் கட்டங்களாக வைத்துப் பார்த்தபோது அது அழகாகவே இருந்தது. மூன்றும் நெருங்கிய உறவுள்ள நிறங்கள் என்பதால் ஒன்றோடொன்று இசைந்துபோவதில் வியப்பில்லை.

சிக்கல் இனிப்பிடமிருந்து வந்தது. மைசூர்பாகு, பூந்தி லட்டு, அசோகா, ஜாங்கிரி என்று அந்தக் கடையில் விற்கும் பண்டங்களில் பெரும்பாலானவை வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கருஞ்சிவப்பை நோக்கிப் போகும் அதே வெம்மையான வரிசைக்குள் அடங்குபவை. மஞ்சள் பூசிய மாதிரிப் பெட்டிக்குள் மைசூர்பாகை அடுக்கியதும் பெட்டி எது, பண்டம் எது என்று கண் பிரித்தறியத் திணறியது. அதைவிட, அச்சு மஞ்சளின் பளிச்சென்ற தன்மைக்கு அருகில் நெய்யும் கடலைமாவும் தந்த இயல்பான நிறம் மங்கிப் பழையதுபோலத் தெரிந்தது. இனிப்புக் கடையைப் பொறுத்தவரை விற்கும் பண்டமும் நிறத்தொகுப்பில் ஓர் உறுப்பினர்தான், அதுவும் நம்மால் மாற்ற முடியாத உறுப்பினர். ஆகவே திறந்த பெட்டியில் இனிப்பை வைத்துப் பார்க்காமல் எந்தத் தொகுப்பையும் இறுதி செய்வதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

அதன் பிறகு நிறங்களைத் தனித்தனியே தேடாமல், ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை என்று முதலில் எழுதிவைத்தேன். பெரும்பரப்பை நிரப்ப ஒரு வெளிர்நிறம், எழுத்துக்கும் கடைப் பெயருக்கும் ஓர் அடர்நிறம், பண்டத்துக்குப் பக்கத்தில் நின்று அதை எடுத்துக்காட்ட ஒரு குளிர்ந்த நிறம், பெரியவரின் மஞ்சளுக்கு ஓர் இடம். திரைக்கான நிறக் குறியீட்டோடு சொன்னால், இந்த வரிசையில் பாலாடை நிறமும் (#FBF1DC), அரக்குச் சிவப்பும் (#6B1E2E), இலைப்பச்சையும் (#2F5D43), கடுகு மஞ்சளும் (#E0A526) வந்து சேர்ந்தன. வாழையிலையில் லட்டு வைத்துப் பரிமாறிப் பழகிய கண்ணுக்குப் பச்சை மேல் மஞ்சள் எடுப்பாகத் தெரியும் என்பதை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மூடி பாலாடை நிறம், அதில் பெயர் அரக்கில். அடிப்பெட்டியின் பக்கச் சுவர்கள் பச்சை, உள்ளே அச்சில்லாத வெள்ளை அட்டையின் மேல் பட்டர் பேப்பர். மூடியைத் திறக்கும்போது இனிப்பைச் சுற்றிப் பச்சை ஒரு கரைபோல அமையும்.

நான்கும் ஒன்றுபட்டு நிற்கின்றனவா என்று அறிய நான் முதலில் செய்வது நிறத்தையே நீக்கிவிட்டுப் பார்ப்பது. மாதிரிகளைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்புவெள்ளையாக மாற்றினேன். அரக்கும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. ஒளிர்வு வேறுபாட்டைக் கணக்கிட்டபோது இரண்டுக்கும் இடையே 1.5க்கு 1 என்ற விகிதமே வந்தது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே கருமையான பட்டையாகவே படும். மற்றவர்களுக்கும் மங்கிய வெளிச்சத்தில் பெட்டியின் அடிப்பாகம் முழுவதும் கனத்துத் தொங்குவதுபோல் தோன்றும். பச்சையைச் சற்று வெளிறச் செய்து #5E9470 என்று மாற்றியதும் அரக்கு, பச்சை, கடுகு, பாலாடை என்று கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறும் நான்கு படிகள் கறுப்புவெள்ளைப் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தன.

அதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பாலாடை மேல் அரக்கு எழுத்துக்கு விகிதம் 10க்கு மேல் இருந்தது. பாலாடை மேல் கடுகு எழுத்துக்கோ 2கூட வரவில்லை. சிறிய எழுத்துக்கு 4.5 வேண்டும் என்பது இணையத்துக்கான பொது வரம்பு. அச்சுக்கு அது சட்டமில்லை என்றாலும், தயாரித்த தேதியைக் கண்ணாடி அணிந்து தேடும் வாடிக்கையாளரை நினைத்து நான் அதையே பின்பற்றுகிறேன். கடுகு அரக்கின் மேல் அமர்ந்தால் விகிதம் 5ஐத் தாண்டுகிறது. எனவே அரக்கில் ஒரு பட்டை அமைத்து, மஞ்சள் அதற்குள் மட்டுமே வரும் என்று விதி எழுதினோம். பெரியவர் மஞ்சள் குறைந்துபோனதாகச் சிறிது வருந்தினார். குறைந்த பின்புதான் அது கண்ணில் படத் தொடங்கியது என்பது என் கருத்து. சைவ உணவுக்கான பச்சைப் புள்ளிக்கும் மாறுபட்ட பின்னணி வேண்டும் என்பதால் அதைப் பச்சைச் சுவரிலிருந்து நகர்த்தி மூடியின் பாலாடைப் பரப்பில் வைத்தோம்.

திரையில் நிறைவடைந்த தொகுப்பு பொருளில் ஏறும்போது வேறு சோதனை தொடங்குகிறது. பெட்டியில் புகைப்படம் எதுவும் இல்லாததால், வழக்கமான நான்கு மைகளைப் புள்ளிகளாகக் கலந்து அச்சிடுவதற்குப் பதிலாக, நான்கு நிறங்களையும் முன்கூட்டியே கலந்த தனி மைகளாக அடிக்கலாம் என்று சிவகாசி அச்சகத்தில் சொன்னார்கள். அச்சுத் தகடுகளின் எண்ணிக்கை அதே நான்குதான், இயந்திரத்தைக் கழுவும் செலவு மட்டும் கூடும். சிறிய அரக்கு எழுத்துகளின் ஓரத்தில் தகடு விலகி இன்னொரு நிறம் எட்டிப் பார்ப்பது இதனால் நின்றது. அடுத்த முறை அச்சிடும்போதும் அதே அரக்கு கிடைக்கும் வாய்ப்பு அதிகமானது. ஒரே நிபந்தனையாக, மையை நாங்கள் வாங்கப்போகும் அதே அட்டையில் தேய்த்து, மேலே பளபளப்பு லேமினேஷனும் ஒட்டிக் காட்டச் சொன்னேன். லேமினேஷன் ஏறியதும் அரக்கு இன்னும் கருமையானதால், மையில் சிறிது சிவப்பைக் கூட்டவேண்டியிருந்தது.

மிக்சர் பாக்கெட்தான் அதிகம் படுத்தியது. ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் மை மெல்லிய படலமாகவே இருக்கும். உள்ளே மிக்சர் நிரம்பியதும் பாலாடை நிறம் அதன் மஞ்சளில் கரைந்து காணாமலே போயிற்று, பச்சையும் சேறு கலந்ததுபோல் ஆயிற்று. நிறங்களுக்கு அடியில் ஒரு வெள்ளை மைப்படலம் அடித்த பிறகே அவை பெட்டியின் நிறங்களோடு சேர்ந்து நின்றன. பழுப்புத் தாள் பைக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. அதில் அரக்கு மட்டும் போதும், தாளே பாலாடையின் இடத்தை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைசியாக அரைக் கிலோப் பெட்டி, ஒரு கிலோப் பெட்டி, மிக்சர் பாக்கெட், பை, பில் புத்தகம் எல்லாவற்றையும் இனிப்புகளோடு கடை மேசையில் பரப்பி, கடைப் பெயர் தெரியும் இடங்களைத் தாள் வைத்து மறைத்தோம். பெயர் இல்லாமலும் இவை ஒரே கடையின் பொருள்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்ல வேண்டும் என்பதே சோதனை. பில் புத்தகத்தைத் தவிர மற்றவற்றை அவர் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். பில்லின் தலைப்பு நீல மையில் இருந்தது. அதை அரக்காக மாற்றினோம். அதே மேசையை வாசலில் பகல் வெளிச்சத்திலும் கடைக்குள் மஞ்சள் விளக்கின் கீழும் மாறி மாறிப் பார்த்தோம். மஞ்சள் விளக்கில் இனிப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பச்சை சாம்பல் பூத்துவிட்டது. அலமாரி விளக்கை நடுத்தர வெள்ளைக்கு மாற்ற மகன் ஒப்புக்கொண்டார்.

தீபாவளிப் பெட்டிக்குத் தங்க நிறம் வேண்டும் என்று பெரியவர் கேட்பார் என்பது தெரிந்ததால் அதற்கும் ஓர் இடத்தை முன்பே குறித்துவைத்திருக்கிறோம். தங்க ஃபாயில் கடுகு மஞ்சள் வரும் இடத்தில் மட்டும் வரலாம், அதாவது அரக்குப் பட்டைக்குள். மூடி அப்போதும் பாலாடை நிறத்தில்தான் இருக்கும்.