கோப்பு நகலில் வேகம் எங்கே அடைபடுகிறது? iperf3 கொண்டு விடை தேடிய ஒரு செய்முறைத் தேர்வு

நெட்வொர்க் நிர்வாகச் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி பார்வைக்கு எளிமையானது. ஒரே கிகாபிட் சுவிட்சில் இணைந்த இரண்டு லினக்ஸ் கணினிகள் தரப்பட்டிருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 6 கிகாபைட் கோப்பு ஒன்றை `scp` மூலம் அனுப்பினால் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 38 மெகாபைட் அளவிலேயே நின்றது. வேகத்தைக் கூட்டுமாறு கேள்வி கேட்கவில்லை. அடைப்பு வட்டிலா, நெட்வொர்க்கிலா, கணினியிலா என்பதைச் சான்றுடன் காட்டுமாறு கேட்டது. அதே வகைக் கேள்வியைச் சந்திக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நான் செய்ததையும் தவறவிருந்த இடத்தையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அலகுகளைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இரண்டு கணினிகளுக்கு இடையே நெட்வொர்க் வேகத்தை அளக்கும் கருவியான iperf3 அதை மெகாபிட்டில் காட்டுகிறது. `scp` மெகாபைட்டில் காட்டுகிறது. கிகாபிட் இணைப்பில் தலைப்புத் தரவுகள் போக டிசிபி வழியாக உண்மையில் கிடைப்பது நொடிக்குச் சுமார் 941 மெகாபிட். `scp` ஒரு மெகாபைட்டை 10,48,576 பைட் என்று கணக்கிடுவதால், அதன் திரையில் இதே வேகம் 112 மெகாபைட் என்று தெரியும். ஆகவே நமக்குத் தரப்பட்ட 38 மெகாபைட் என்பது சுமார் 320 மெகாபிட். இணைப்பின் திறனில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த ஒரு வரியை விடைத்தாளின் தலைப்பில் எழுதி வைத்தது பின்னால் பலமுறை கைகொடுத்தது.

iperf3 இயல்பாக எந்த வட்டையும் தொடுவதில்லை. அனுப்பும் கணினியின் நினைவகத்தில் உள்ள தரவை அனுப்புகிறது. பெறும் கணினி அதை வாங்கியவுடன் வீசிவிடுகிறது. எனவே அதன் சாதாரணச் சோதனை நெட்வொர்க்கைத் தனியே பிரித்துக் காட்டும். பெறும் கணினியில் `iperf3 -s` என்று தொடங்கிவிட்டு, அனுப்பும் கணினியில் இதை இயக்கினேன்:

```
iperf3 -c 192.168.1.20 -t 30 -i 1
```

முப்பது நொடியும் 941 மெகாபிட் அசையாமல் நின்றது. மறுபடி அனுப்பிய பாக்கெட்டுகளை எண்ணும் `Retr` நெடுவரிசையில் சுழியம் மட்டுமே இருந்தது. `-R` சேர்த்து எதிர்த்திசையிலும் பார்த்தேன், மாற்றமில்லை. இந்த இடத்தில் 94 மெகாபிட் அளவில் வந்திருந்தால், கேபிளின் நான்கு கம்பி ஜோடிகளில் ஒன்று பழுதாகி இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கலாம் என்று சந்தேகித்து `ethtool` பார்த்திருப்பேன். அந்த வேலை வரவில்லை. நெட்வொர்க் குற்றமற்றது என்று எழுதி, அடுத்ததற்குப் போனேன்.

வட்டுகளைச் சோதிக்க iperf3 தரும் வசதி `-F`. அனுப்பும் பக்கத்தில் கொடுத்தால், நினைவகத் தரவுக்குப் பதிலாக அந்தக் கோப்பைப் படித்து அனுப்பும். பெறும் பக்கத்தில் கொடுத்தால், வந்த தரவை வீசாமல் அந்தக் கோப்பில் எழுதும். இரண்டு பக்கத்திலும் ஒரே நேரத்தில் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து; கொடுத்தால் மீண்டும் இரண்டு வட்டுகளும் கலந்துவிடும், பிரித்துப் பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை வீணாகும். ஆகவே முதலில் அனுப்பும் பக்கம் மட்டும்:

```
sync; echo 3 | sudo tee /proc/sys/vm/drop_caches
iperf3 -c 192.168.1.20 -F /data/big.bin -t 90 -i 1
```

முதல் வரி ஏன் தேவை என்று தேர்வாளர் கேட்டார். அந்தக் கணினியில் 16 கிகாபைட் நினைவகம் இருந்தது. சற்றுமுன் `scp` செய்தபோதே 6 கிகாபைட் கோப்பும் நினைவகத்தில் தங்கியிருக்கும். அப்படியே சோதித்தால் வட்டைத் தொடாமலே 941 வரும். வட்டு நன்றாக இருக்கிறது என்று பொய்யாக எழுதிவிடுவோம். நினைவகத் தேக்கத்தைக் காலி செய்தபின் வந்த அளவு 936. அது எஸ்எஸ்டி வட்டு, கிகாபிட்டுக்கு ஈடுகொடுக்கிறது. கோப்பு முழுவதும் அனுப்பி முடிந்ததும் சோதனை தானே நின்றுவிட்டது, 90 நொடி ஆகவில்லை.

நான் தடுக்கி விழ இருந்தது அடுத்த இடத்தில். பெறும் கணினியில் கோப்பு போய்ச் சேரவேண்டிய வட்டு, யூஎஸ்பி வழியாக இணைத்த வெளி ஹார்டு டிஸ்க். சர்வரை நிறுத்திவிட்டு, அந்த வட்டில் எழுதும்படி மீண்டும் தொடங்கினேன்:

```
iperf3 -s -F /mnt/usb/iperf-test.bin
```

பெறும் பக்கத்தில் `-F` கொடுக்கும்போது, அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருந்தால் அதன் உள்ளடக்கம் அழிந்துவிடும். எனவே எப்போதும் புதுப் பெயரைக் கொடுங்கள். தேர்வில் தரப்பட்ட கோப்பின் பெயரை அவசரத்தில் தட்டிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

அனுப்பும் பக்கத்தில் எந்தக் காலமும் குறிப்பிடாமல், வெறும் `iperf3 -c 192.168.1.20` என்று இயக்கினேன். அது இயல்பான 10 நொடி ஓடி, 941 என்று காட்டி முடிந்தது. நெட்வொர்க் சரி, படிக்கும் வட்டு சரி, எழுதும் வட்டும் சரி என்றால் மிஞ்சுவது கணினியின் செயலிதான் என்று விடைத்தாளில் பாதி வாக்கியம் எழுதிவிட்டேன். நிறுத்தியது ஒரு சிறிய உறுத்தல்: யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் எஸ்எஸ்டிக்கு நிகராக எழுதுகிறதா? வட்டின் விளக்கைப் பார்த்தேன். சோதனை முடிந்து பல நொடிகள் ஆகியும் அது ஓயாமல் மினுக்கிக்கொண்டே இருந்தது. அதாவது வந்த தரவு இன்னும் வட்டுக்குப் போய்ச் சேரவில்லை. நினைவகத்தில் காத்திருந்து, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

லினக்ஸ் எழுதவேண்டிய தரவை உடனே வட்டில் எழுதுவதில்லை. நினைவகத்தில் சேர்த்து வைத்துப் பின்னணியில் எழுதுகிறது. சேரும் அளவு ஓர் எல்லையை நெருங்கிய பிறகே எழுதும் நிரலைப் பிடித்து நிறுத்துகிறது. இயல்பான அமைப்பில் `vm.dirty_ratio` 20. கையிருப்பு நினைவகத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று பொருள். பெறும் கணினியில் நினைவகம் 8 கிகாபைட். நொடிக்கு 112 மெகாபைட் வந்து, அதில் சுமார் 30 மட்டும் வட்டில் இறங்கினால், அந்தத் தொட்டி நிரம்பவே பத்து நொடிக்கு மேல் ஆகும். பத்து நொடிச் சோதனை தொட்டியின் வாயைத்தான் அளக்கிறது, அடியில் உள்ள குழாயை அளப்பதில்லை. வட்டின் விளக்கு அணையும்வரை காத்திருந்து, `-t 60 -i 1` என்று மீண்டும் ஓட்டினேன். திரையில் வந்ததில் மூன்று வரிகள், கடைசியில் வரும் `Cwnd` நெடுவரிசையை விட்டுவிட்டு:

```
[  5]  11.00-12.00  sec   112 MBytes   941 Mbits/sec    0
[  5]  14.00-15.00  sec  58.8 MBytes   493 Mbits/sec    0
[  5]  21.00-22.00  sec  32.5 MBytes   273 Mbits/sec    0
```

அதன்பின் கடைசி நொடிவரை 273க்கு அருகிலேயே நின்றது. இங்கே கவனிக்கவேண்டியது வேகத்தை அடுத்து வரும் `Retr` நெடுவரிசை. வேகம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்தபோதும் அது சுழியமாகவே இருந்தது. வழியில் பாக்கெட்டுகள் தொலைந்து வேகம் விழுந்திருந்தால் அந்த எண் ஏறியிருக்கும். இழப்பு எதுவுமில்லாமல் வேகம் மட்டும் விழுகிறது என்றால், பெறும் பக்கம் தரவை வாங்கிக்கொள்ளாமல் டிசிபி சாளரத்தைச் சுருக்கி, அனுப்புகிறவரைக் காத்திருக்கச் சொல்கிறது என்று பொருள். அதே நேரத்தில் பெறும் கணினியில் `iostat -x 1` பார்த்தபோது அந்த வட்டின் `%util` நூறை ஒட்டி இருந்தது. `top` திரையில் வட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் காட்டும் `wa` உயர்ந்திருந்தது, iperf3 நிரலோ செயலியை அதிகம் தொடவேயில்லை.

வட்டுதான் என்று எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். இப்போதைய ஹார்டு டிஸ்க் ஒன்று தொடர்ச்சியாக எழுதும்போது 32 மெகாபைட்டில் நிற்பது குறைவு. ஆனால் அந்த எண் யூஎஸ்பி 2.0 நடைமுறையில் தரும் வேகத்தோடு ஒத்துப்போகிறது. `lsusb -t` இட்டுப் பார்த்தேன். வட்டின் வரியின் முடிவில் `480M` என்று இருந்தது. கணினியின் முன்பக்கத் துளையில் அதைச் செருகியிருந்தார்கள். வட்டை முறைப்படி கழற்றி, பின்பக்கத்தில் உள்ள யூஎஸ்பி 3 துளையில் செருகியதும் அந்த வரி `5000M` என்று மாறியது. அறுபது நொடிச் சோதனையை மறுபடி ஓட்டியபோது கடைசிவரை 800 மெகாபிட்டுக்குக் குறையவில்லை. வட்டு நல்லது, அதைச் செருகிய துளைதான் அடைப்பு.

இத்தோடு முடிந்தது என்று எண்ணி `scp` ஓட்டினேன். வந்தது 60 மெகாபைட். 95 ஆவது வரவேண்டிய இடத்தில் 60 என்றால், இன்னோர் அடைப்பு ஒளிந்திருக்கிறது. iperf3 செய்யாததும் `scp` செய்வதுமான வேலை எது என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும்: மறையாக்கம். வட்டு இரண்டையும் விலக்கி, அதை மட்டும் அளக்க இந்த வரி போதும்:

```
dd if=/dev/zero bs=1M count=2000 | ssh user@192.168.1.20 'cat > /dev/null'
```

இதில் எந்த வட்டும் இல்லை; இருந்தும் `dd` நொடிக்கு 63 மெகாபைட் என்றுதான் சொன்னது. `dd` பத்து லட்சம் பைட்டை ஒரு மெகாபைட்டாகக் கொள்வதால், இது `scp` காட்டிய 60க்குச் சமம். பெறும் கணினியில் `top` திறந்து `1` விசையை அழுத்தியதும் உட்கருக்கள் தனித்தனியே தெரிந்தன: நான்கில் ஒன்று நூறு விழுக்காட்டில் இருந்தது, மற்ற மூன்றும் சும்மா இருந்தன. பட்டியலின் உச்சியில் `sshd`. ஓர் இணைப்பின் மறையாக்க வேலை ஒரே உட்கருவில்தான் நடக்கிறது. அந்தப் பழைய செயலியில் ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான வன்பொருள் கட்டளைகளும் இல்லை, `/proc/cpuinfo` கோப்பின் `flags` வரியில் `aes` என்ற சொல்லையே காணோம். மொத்தச் செயலிப் பயன்பாட்டை மட்டும் பார்த்திருந்தால் இருபத்தைந்து விழுக்காடு என்று தெரிந்திருக்கும். செயலி ஓய்வாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வந்திருப்பேன்.

விடைத்தாளில் இரண்டு அடைப்புகளையும் வரிசையோடு எழுதினேன்: முதலாவது யூஎஸ்பி துளை, அதை நீக்கியபின் வெளிப்படுவது செயலி. வாய்மொழிப் பகுதியில் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தார். ஒரே கோப்புக்குப் பதிலாக அதே 6 கிகாபைட், நாற்பதாயிரம் சிறு கோப்புகளாக இருந்தால் இந்தச் சோதனைகள் போதுமா என்றார். போதாது என்றேன். `-F` ஒரே கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கிறது அல்லது எழுதுகிறது. ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதற்கும், பெயரையும் அனுமதிகளையும் பதிவதற்கும் ஆகும் நேரம் அதன் அளவீட்டுக்குள் வருவதேயில்லை. அத்தகைய வழக்கில், எல்லாக் கோப்புகளையும் `tar` கொண்டு ஒரே கோப்பாக்கி அனுப்பி, இரண்டு நேரங்களின் வேறுபாட்டைப் பார்ப்பேன் என்றேன். அவர் குறித்துக்கொண்டு அடுத்தவரை அழைத்தார்.