ஜப்பான் ஆபீஸ்ல முதல் நாள்: டீம் முன்னாடி ஜிகோஷோகாய்ங்கற சுய அறிமுகத்த எப்படி சொல்றது

டோக்கியோல ஒரு ஐடி கம்பெனில சேர்ந்து கொஞ்ச காலம் ஆச்சு, இப்ப வர்ற நம்ம பசங்க எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "முதல் நாள் என்ன பேசணும்"ங்கறதுதான், அதனால ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன். காலைல சோரேய்னு ஒரு சின்ன மீட்டிங் நடக்கும், எல்லாரும் அவங்கவங்க சீட்டு பக்கத்துல எழுந்து நிப்பாங்க, மேனேஜர் உங்க பேர சொல்லிட்டு "ஹிதொகொதொ"ன்னு உங்க பக்கம் திரும்புவாரு. ரெண்டு வார்த்தை பேசுங்கன்னு அர்த்தம். 30 செகண்ட்லேர்ந்து 1 நிமிஷத்துக்குள்ள முடிச்சிடணும்.

இதுல சொந்தமா கவிதை பாட வேண்டியது ஒண்ணும் இல்ல, எல்லாமே ரெடிமேட் வாக்கியம், அங்க இருக்கறவங்களும் அதைத்தான் எதிர்பாக்குறாங்க. பாஸ்போர்ட்ல Karthik Murugan, முருகன் அப்பா பேரு, அப்படி ஒருத்தர் சேர்றாருன்னு வெச்சுக்கலாம்:

"ஒஹாயோ கொஸாய்மாஸ். ஹொன்ஜிட்ஸு கரா கொச்சிரா தெ ஒசெவா நி நாரிமாஸ், கார்த்திக் தொ மோஷிமாஸ். இந்தோ நொ சென்னாய் கரா மாய்ரிமாஷ்தா."

இன்னிக்கிலேர்ந்து உங்க கூட வேலை பாக்கப் போறேன், பேரு கார்த்திக், இந்தியால சென்னைலேர்ந்து வந்திருக்கேன், அவ்ளோதான். மோஷிமாஸ், மாய்ரிமாஸ் ரெண்டும் தன்னை தாழ்த்திச் சொல்ற கென்ஜோகொ, ஜப்பானீஸ் பரீட்சைக்கு N4 லெவல் படிக்கும்போது கடைசில வர்ற பாடம், நிறைய பேரு பரீட்சைக்காக மட்டும் மேஞ்சிட்டு விட்டுடுவாங்க. அதே பாடத்துல பக்கத்துலயே இராஷ்ஷாய்மாஸ் இருக்கும், அது அடுத்தவங்களுக்கு மரியாதை குடுக்கறது, "நான் சென்னைலேர்ந்து இராஷ்ஷாய்மாஷ்தா"ன்னா நமக்கு நாமே மரியாதை குடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். சொந்தப் பேரு பின்னாடி சான் போடக்கூடாதுங்கறதும் இதே காரணம்தான். இன்னொண்ணு, மாஸ், மாஷ்தான்னு நான் எழுதினது வேணும்னுதான், கடைசி உ-வையும் நடுவுல இ-யையும் அழுத்தி மாசு, மாஷித்தான்னு சொன்னா காதுக்கு ஒட்டாது.

பேரு விஷயத்த மட்டும் கொஞ்சம் பொறுமையா பாருங்க. ஜப்பான்ல குடும்பப் பேர சொல்லித்தான் கூப்பிடுவாங்க, நமக்கு அப்படி ஒண்ணு இல்ல, பாஸ்போர்ட்ல அப்பா பேரு அந்தக் கட்டத்துல இருக்கும், எச்ஆர் அதையே சிஸ்டத்துல ஏத்திடுவாங்க. அப்புறம் டீம் முழுக்க "முருகன் சான்"னு கூப்பிடும், அப்பாவ கூப்பிட்ட மாதிரி இருக்கும் நமக்கு. பழகிட்டா மாத்தறது கஷ்டம், அதனால முதல் நாளே "கார்த்திக் தொ யொந்தெ குதசாய்"னு ஒரு வரி சேர்த்துடுங்க, கார்த்திக்னு கூப்பிடுங்கன்னு அர்த்தம். பேர சொல்லும்போது முன்னாடியும் பின்னாடியும் ஒரு சின்ன கேப் விட்டு மெதுவா சொல்லுங்க, அவங்க காதுல அது புது சத்தம். வெளிநாட்டுப் பேர எழுதற கதகனா எழுத்துல எப்படி எழுதறதுன்னு எச்ஆர்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுக்கறதும் நல்லது.

அடுத்தது வேலை: "ஸென்ஷொக்கு தெ வா, ஜாவா நொ காய்ஹாட்ஸு ஒ சன்னென் ஹொதொ தன்தோ ஷிதெ ஒரிமாஷ்தா." போன கம்பெனில ஒரு 3 வருஷம் ஜாவா டெவலப்மென்ட் பாத்தேன்னு அர்த்தம். ஒரு வரி போதும், ரெஸ்யூம் முழுக்க ஒப்பிக்க வேணாம்.

அப்புறம் வர்றதுதான் வெளிநாட்டுலேர்ந்து வர்ற நமக்கு ரொம்ப முக்கியம்னு நான் நெனைக்கிறேன்: "நிஹொங்கொ வா மாதா பென்க்யோச்சூ தெஸ் கா, யுக்குரி ஹனாஷிதெ இதாதகெரு தொ தாஸுகாரிமாஸ்." ஜப்பானீஸ் இன்னும் படிச்சிட்டுதான் இருக்கேன், கொஞ்சம் மெதுவா பேசினா உதவியா இருக்கும்னு கேக்குறோம். "N3 பாஸ்"னு மட்டும் சொன்னா, உங்க கிட்ட எப்படி பேசணும்னு எதிர்ல இருக்கறவருக்கு ஒண்ணும் புரியாது, பாஸ் பண்ணவரே மீட்டிங்ல திணறுவாரு, அது சகஜம். மெதுவான்னு கேட்டா உண்மையாவே மெதுவா பேசுவாங்க, வாய்ல சொன்னத சாட்லயும் எழுதி அனுப்புறவங்க இருக்காங்க.

கடைசி வரி: "ஹாயாக்கு ஷிகொதொ நி நாரெரு யோ கம்பாரிமாஸ். கொஷிதோ நொ ஹொதொ, யொரொஷிக்கு ஒனெகாய் இதாஷிமாஸ்." சீக்கிரம் வேலைய பழகிக்க முயற்சி பண்றேன், வழிகாட்டுங்கன்னு. இங்க ஷிமாஸ் சொன்னாலும் தப்பில்ல, மொத்த டீம் முன்னாடி இதாஷிமாஸ் இன்னும் பணிவு. பேசிக்கிட்டே குனியாதீங்க, குரல் தரைக்குப் போயி ஒனெகாய் யாருக்கும் கேக்காது. வாக்கியத்த முழுசா முடிச்சிட்டு, கைய பக்கவாட்டுல வெச்சுக்கிட்டு, இடுப்புலேர்ந்து ஒரு 30 டிகிரி, ஒரு செகண்ட் நிறுத்தி நிமிரணும். கழுத்த மட்டும் ஆட்டினா தலையாட்டுற மாதிரிதான் தெரியும். கைதட்டுவாங்க, அப்ப இன்னொரு தடவ லேசா குனிஞ்சா போதும்.

வீட்டுல ப்ராக்டிஸ் பண்றப்ப போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, வேகம்தான் முதல்ல மாட்டும். பேப்பர பாத்து படிக்கறத விட, ரெண்டு வரி கொறஞ்சாலும் முகத்த பாத்து சொல்றது மேல்.

சீட்டுக்கு வந்ததும் பக்கத்துல இருக்கறவங்க தனியா யொரொஷிக்கு ஒனெகாய் ஷிமாஸ்னு சொல்வாங்க, அதுக்கு "கொச்சிரா கொஸொ, யொரொஷிக்கு ஒனெகாய் இதாஷிமாஸ்"னு திருப்பி சொல்லணும். அப்படியே அவங்க பேரையும் கேட்டு நோட்டுல சீட்டு வரிசைப்படி எழுதிக்கோங்க, மத்தியானம் சாப்பாட்டுக்கு கூப்பிடும்போது யாரு என்ன சான்னு தெரியணும்.