ஒரே பிரிவு, மூன்று மேலாளர்கள்: பொறுப்பு மையக் கேள்விகளை நான் படித்த முறை

மேலாண்மைக் கணக்கியல் தேர்வுக்குப் படிக்கும்போது செலவு மையம், இலாப மையம், முதலீட்டு மையம் மூன்றையும் வரையறைகளாக மனப்பாடம் செய்வதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரே பிரிவை எடுத்துக்கொண்டு, அதன் மேலாளருக்கு ஒவ்வொரு அதிகாரமாகக் கொடுத்துப் பார்த்தேன். எந்த எண்ணை அவர் கணக்கில் எழுதலாம், எதை எழுதக்கூடாது என்பது அப்போதே தெரிந்துவிடும். நீங்களும் செய்து பாருங்கள்.

ஓர் இயந்திர உதிரிப்பாகப் பிரிவு. முதலில் அதன் மேலாளர் கையில் உற்பத்தி மட்டும்தான். எவ்வளவு விற்க வேண்டும், என்ன விலைக்கு என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். 10,000 உருப்படிகளுக்கு மாறும் செலவு 60 லட்சம் என்று பட்ஜெட். விற்பனைத் துறை கூடுதலாகக் கேட்டதால் 11,000 செய்தார். செலவு 65 லட்சம். மூல பட்ஜெட்டோடு வைத்தால் 5 லட்சம் அதிகம். ஆனால் 11,000-க்கு அனுமதிக்கக்கூடிய செலவு 66 லட்சம், அதனால் உண்மையில் 1 லட்சம் மிச்சம் பிடித்திருக்கிறார். அளவு அவர் முடிவல்ல என்பதால்தான் செலவு மையத்தில் பட்ஜெட்டை உண்மையான உற்பத்திக்கு ஏற்ப மாற்றிய பிறகே ஒப்பிடுகிறோம். கூடவே தரம், காலக்கெடு போன்ற அளவுகளும் வேண்டும். செலவை மட்டும் பார்த்தால் மட்டமான மூலப்பொருள் வாங்கியவரும் நல்லவராகத் தெரிவார்.

இப்போது விலையும் விற்பனையும் அவர் கைக்கு வருகின்றன, பிரிவு இலாப மையமாகிறது. அந்த 11,000-ஐ 150 லட்சத்துக்கு விற்கிறார். மாறும் செலவு 65, அவரே முடிவு செய்யும் நிலைச் செலவு 35. மிச்சம் 50 லட்சம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள் உண்டு: தலைமையகம் வாங்கிவைத்த இயந்திரங்களின் தேய்மானம் 8, தலைமையகச் செலவிலிருந்து பிரித்துப் போட்ட பங்கு 12. எல்லாம் கழித்தால் 30.

மதிப்பெண் கைவிட்டுப் போகும் இடம் இதுதான். மேலாளரை மதிப்பிட 50 லட்சம்தான் சரியான எண், ஏனென்றால் அதற்கு மேலே உள்ள எல்லா வரியும் அவர் முடிவு. பிரிவு நிறுவனத்துக்கு எவ்வளவு பங்களிக்கிறது என்று கேட்டால் தேய்மானமும் கழித்த 42. பங்கிட்ட 12 லட்சம் இரண்டிலும் சேராது. பிரிவை மூடினாலும் அந்தச் செலவு பெரும்பாலும் அப்படியே இருக்கும். கேள்வி மேலாளரைப் பற்றியதா, பிரிவைப் பற்றியதா என்று முதலில் அடிக்கோடிடுங்கள்.

அடுத்து, இயந்திரம் வாங்கும் விற்கும் அதிகாரமும் அவருக்கே, பிரிவு முதலீட்டு மையமாகிறது. அதனால் தேய்மானம் 8 அவர் கணக்குக்கு வந்து இலாபம் 42 ஆகிறது. நிகரச் சொத்து 210 லட்சம். முதலீட்டின் மீதான வருவாய் விகிதம், அதாவது ஆர்.ஓ.ஐ., 20%. நிறுவனத்தின் மூலதனச் செலவு, அதாவது போட்ட பணத்துக்குக் குறைந்தபட்சம் ஈட்ட வேண்டிய விகிதம், 12% என்று வைப்போம்.

50 லட்சம் போட்டால் ஆண்டுக்கு 8 லட்சம் இலாபம் தரும் ஒரு திட்டம் வருகிறது. அதன் வருவாய் 16%, மூலதனச் செலவைவிட அதிகம். நிறுவனத்துக்கு வேண்டிய திட்டம். ஆனால் ஏற்றுக்கொண்டால் அவருடைய ஆர்.ஓ.ஐ. 50/260, அதாவது 19.2% ஆகக் குறையும். ஊக்கத்தொகை ஆர்.ஓ.ஐ.யைப் பொறுத்தது என்றால் அவர் திட்டத்தைத் தள்ளிவிடுவார். இலாபத்தில் சொத்துக்கான மூலதனச் செலவு போக மிஞ்சும் எஞ்சிய வருமானத்தில் பாருங்கள்: முன்பு 42-இல் 210-இன் 12% ஆகிய 25.2 போக 16.8, பிறகு 50-இல் 31.2 போக 18.8. 2 லட்சம் கூடுகிறது, அவரும் ஏற்றுக்கொள்வார்.

சரி, அப்படியானால் எஞ்சிய வருமானமே போதுமா? போதாது. அது ஒரு தொகை என்பதால், சொத்து பல மடங்கு பெரிய பிரிவு சுமாராக நடந்தாலும் அதிகமாகக் காட்டும். வெவ்வேறு அளவுள்ள பிரிவுகளை ஒப்பிட விகிதம்தான் உதவும்.

இரண்டுக்குமே பொதுவான ஒரு சிக்கல் உண்டு. விளக்கமாக எழுதச் சொல்லும் கேள்வியில் இதைக் கட்டாயம் சேர்ப்பேன். அந்தப் பிரிவு அடுத்த ஆண்டு எதுவுமே வாங்காமல் அதே 42 லட்சம் சம்பாதித்தால், தேய்மானத்தால் சொத்து 202 ஆகி ஆர்.ஓ.ஐ. தானாக 20.8% ஆகும். எஞ்சிய வருமானமும் 17.76 ஆக ஏறும். மேலாளர் ஒன்றுமே செய்யவில்லை, இயந்திரங்கள் பழையதாகியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆர்.ஓ.ஐ. ஏறும்போதெல்லாம் இலாபம் ஏறியதா, சொத்து குறைந்ததா என்று பிரித்துப் பார்த்து எழுதுங்கள். தேய்மானம் கழிக்காத மூல விலையில் சொத்தைக் கணக்கிட்டால் இந்த ஏற்றம் வராது.