அழிந்த படத்துக்கு எழுதிய மூன்று கடிதங்கள்

2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தபோது, வான் கதவுகள் அத்தனையும் திறந்து கிடக்க, மச்சான் தன் போனில் ஒரு படம் எடுத்தார். அன்றே முகநூலிலும் போட்டார். பல வருடங்கள் கழித்து நான் அதை முகநூலிலிருந்து இறக்கி, யாரும் பயன்படுத்தக்கூடிய படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, விக்கிப்பீடியாவின் இரணைமடுக் கட்டுரையில் சேர்த்தேன். கணக்குத் திறந்ததும் ஏற்றியதும் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் செய்த ஒரு பிழைக்காக இரண்டு மாதம் அலைந்தேன்.

பிழை இதுதான். ஏற்றும்போது "சொந்தப் படைப்பு" என்ற தெரிவை அமத்திவிட்டேன். குடும்பத்துப் படம்தானே, சொந்தம் என்றுதான் நினைத்தேன். காப்புரிமையில் அப்படி ஒரு சொந்தம் இல்லை. படம் கையில் இருப்பவருக்கு உரிமை இல்லை, படத்தில் நிற்பவருக்கும் இல்லை. கமராவைப் பிடித்து எடுத்தவருக்குத்தான். மச்சான் என்ன, பெற்ற மகன் எடுத்திருந்தாலும் நான் "என் படைப்பு" என்று எழுத முடியாது.

அதைக் கண்டுபிடித்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. முகநூலிலிருந்து இறக்கும் படக் கோப்புக்குள் FBMD என்று தொடங்கும் ஒரு குறி ஒட்டிக்கொண்டு வரும். படத்தைப் பார்த்தால் தெரியாது, கோப்பின் உள்விபரத்தில் இருக்கும். பொதுவகத்தில் படங்களைச் சரிபார்ப்பவர்கள் அதைத் தேடிப் பார்ப்பார்கள். என் படத்தில் அதைக் கண்டவர் "அனுமதி இல்லை" என்று அறிவித்தல் ஒட்டி, என் பேச்சுப் பக்கத்திலும் எழுதியிருக்கிறார். ஏழு நாள் அவகாசம். நான் கணக்கில் மின்னஞ்சல் முகவரி கொடுக்கவில்லை, அறிவித்தலைக் காணவுமில்லை. கட்டுரையில் படம் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்ததைக் கண்டபோதுதான் விசயம் தெரிந்தது. பொதுவகத்தில் ஒரு படம் அழிந்தால் கட்டுரைகளில் இருக்கும் இணைப்பையும் ஒரு தானியங்கி கழற்றிவிடும்.

கோபத்தில், மீட்பு வேண்டுகோள் பக்கத்தில் நான் எழுதிய முதல் கடிதம் இப்படி இருந்தது: "எனது படத்தை அழித்துவிட்டீர்கள். அது என் மச்சான் எடுத்தது. அவர் சம்மதித்துவிட்டார். தயவுசெய்து திரும்பப் போடுங்கள்." கூடவே கோப்பின் பெயர். அந்தப் பெயரிலும் பிழை. நான் ஏற்றியது .jpeg என்று முடியும் கோப்பு, எழுதியது .jpg. அங்கே ஓர் எழுத்து மாறினாலும் வேறு கோப்பு; .jpg வேறு, .JPG வேறு. "இந்தப் பெயரில் கோப்பே இல்லை" என்று முதல் பதில் வந்தது. திருத்திக் கொடுத்த பிறகு இரண்டாம் பதில்: படம் உங்களுடையது என்று ஏற்றும்போது எழுதியிருக்கிறீர்கள், இப்போது மச்சானுடையது என்கிறீர்கள், எடுத்தவரே அனுமதிக் குழுவுக்கு எழுத வேண்டும். வேண்டுகோளை அத்தோடு மூடிவிட்டார்கள்.

மனம் நொந்துபோனேன். ஆனால் பிறகு என் கடிதத்தை அவர்களின் இடத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். எந்தப் படம் என்று சரியாக இல்லை. யார் எடுத்தது என்பதில் ஒன்றுக்கொன்று முரண். சம்மதத்துக்கு என் வாய்வார்த்தையைத் தவிர ஒன்றுமில்லை.

அனுமதிக் குழு என்பது தன்னார்வலர் குழு. முகவரி permissions-commons@wikimedia.org. எடுத்தவர் தன் முகவரியிலிருந்து தானே அனுப்ப வேண்டும். மற்றவர் வாங்கி அனுப்பிவைக்கும் சம்மதத்தை ஏற்பதில்லை. மச்சான் வட்டக்கச்சியில் இருக்கிறார். நான் ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய், ஏ9 வழியே கிளிநொச்சி போய், அங்கிருந்து வட்டக்கச்சிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். அவருடைய ஜிமெயில் பாஸ்வேர்ட் மறந்துபோய், அதை மீட்கவே பின்னேரமாகிவிட்டது. அங்கேயே இருந்து அவருடைய போனில் இரண்டாம் கடிதத்தை அடித்தேன்: "நான் எடுத்த இரணைமடுப் படத்தை விக்கிப்பீடியாவில் பயன்படுத்த அனுமதிக்கிறேன்." 

இதுவும் சரிவரவில்லை. மூன்றாம் நாள் வந்த பதிலில் இரண்டு கேள்விகள். எந்தக் கோப்பு? விக்கிப்பீடியாவில் மட்டும் என்றால் ஏற்க முடியாது. யாரும், வணிகத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று ஒரு கட்டற்ற உரிமத்தின் பெயரைச் சொல்லி வெளியிடுகிறீர்களா? கூடவே, மூலக் கோப்பு இருந்தால் இணைக்கும்படியும் கேட்டிருந்தார்கள்.

மூலக் கோப்பு என்றதும் நான் நிம்மதியானேன். அன்று போனபோதே மச்சானின் பழைய போனைத் தேடி எடுத்து, சார்ஜ் போட்டு, அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி வாங்கியிருந்தேன். வீட்டில் கணினியில் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. எடுத்த திகதி இல்லை, போனின் பெயர் இல்லை, அளவும் சுருங்கியிருந்தது. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்விபரம் அத்தனையும் உதிர்ந்துவிடும். அவ்வளவு தூரம் ஓடி வாங்கி வந்த பிரதி ஒன்றுக்கும் உதவவில்லை. அதே வட்ஸ்அப்பில் "ஆவணம்" என்ற தெரிவில் அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். இரவு மச்சானுக்குச் சொல்ல, அவர் அப்படி அனுப்பினார். 4160 புள்ளி அகலம், எடுத்த நாள் 2018 டிசம்பர் 22, எடுத்த போனின் மாதிரிப் பெயர், எல்லாம் இருந்தன. முகநூலிலிருந்து நான் இறக்கி ஏற்றிய பிரதியின் அகலம் வெறும் 960. எடுத்தவரிடம் மட்டுமே இருக்கக்கூடிய பெரிய கோப்பைக் காட்டுவதைவிட வேறு நல்ல சாட்சி இல்லை.

மூன்றாம் கடிதத்துக்கு இரண்டு இரவு எடுத்தோம். நான் போனில் சொல்லச் சொல்ல மச்சான் எழுதினார். ஆங்கிலத்தில் போனது, இங்கே தமிழில் தருகிறேன்.

"இது நான் முன்னர் அனுப்பிய கடிதத்தின் தொடர்ச்சி. கோப்பின் பெயர் File:Iranamadu spill gates December 2018.jpeg. அனுமதி இல்லை என்ற காரணத்தால் அழிக்கப்பட்டுள்ளது. இந்தப் படத்தை 2018 டிசம்பர் 22 அன்று என் போனில் நானே எடுத்தேன். பொதுவகத்தில் ஏற்றியவர் என் தங்கையின் கணவர். சொந்தப் படைப்பு என்று அவர் குறித்தது பிழை. அவர் ஏற்றியது நான் முகநூலில் போட்ட பிரதி, அதனால்தான் அதில் FBMD குறி இருக்கிறது. அந்தப் பதிவு என்னுடையது, இணைப்பு கீழே உள்ளது, அதில் இன்று உரிமத்தின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். மூலக் கோப்பை இணைத்துள்ளேன். இந்தப் படத்தை CC BY-SA 4.0 என்ற கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளியிடுகிறேன். யாரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், நான் பின்னர் இதைத் திரும்பப் பெற முடியாது என்பது எனக்குத் தெரியும்."

கீழே மச்சானின் முழுப்பெயர், படத்தின் கீழ் எந்தப் பெயர் வரவேண்டும் என்பது, என்னுடைய பயனர் பெயர். அவ்வளவுதான்.

இதில் எதையும் வெட்ட முடியாது என்பது எனக்குப் பட்ட பிறகே விளங்கியது. அழிந்த படத்தை நிருவாகிகள் மட்டும்தான் பார்க்கலாம். அனுமதிக் கடிதங்களை வாசிக்கும் தன்னார்வலர்கள் எல்லோரும் நிருவாகிகள் அல்லர். அதாவது உங்கள் கடிதத்தைத் திறப்பவருக்கு முன்னால் படமே இல்லாமல் இருக்கலாம். படத்தின் பக்கத்தில் நீங்கள் எழுதியிருந்த விளக்கமும் அவருக்குத் தெரியாது. "அந்தப் படம்", "முதல் சொன்னது போல" என்றெல்லாம் எழுதினால் அவர் எதைப் போய்ப் பார்ப்பது? அதனால்தான் கடிதத்தோடு படத்தையும் இணைக்கச் சொல்கிறேன்.

FBMD பற்றிய வரியை மச்சான் வேண்டாம் என்றார். "கள்ளன் தானே வந்து ஒத்துக்கொள்ளுற மாதிரி இருக்குமெல்லோ?" நான் விடவில்லை. அழித்ததற்குக் காரணமே அந்தக் குறிதான். அது எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தச் சந்தேகம் அப்படியே கிடக்கும். என் பிழையை அவர் கடிதத்திலேயே எழுதவைத்ததும் அதற்காகத்தான். பொதுவகப் பக்கத்தில் என் பெயர், கடிதத்தில் அவர் பெயர் என்று இருந்தால் வாசிப்பவர் யாரை நம்புவார்?

இன்னொன்று. முதல் பதில் வரும்போது அதன் தலைப்பில் Ticket# என்று ஒரு நீண்ட எண் இருக்கும். முதல் எட்டு இலக்கமும் திகதி. அடுத்து எழுதுவதை அந்தக் கடிதத்துக்கே பதிலாக அனுப்புங்கள், தலைப்பில் கை வைக்க வேண்டாம். புதிதாக ஒரு மடல் எழுதினால் அது வேறு எண்ணில், வேறொருவரின் கையில் போய் நிற்கும். மச்சான் புதுமடல்தான் திறந்து வைத்திருந்தார். நல்ல காலம், அனுப்புமுன் கேட்டேன்.

இதற்கிடையில் அதே படத்தை வேறு பெயரில் திரும்ப ஏற்றிவிடலாமா என்று ஒரு தரம் யோசித்தேன். தயவுசெய்து செய்யாதீர்கள். அழித்ததைத் திரும்ப ஏற்றினால் அதற்காகவே உடனே அழிப்பார்கள், கணக்குக்கும் கெட்ட பெயர். அனுமதி உறுதியானால் பழைய கோப்பையே அவர்கள் மீட்டுத் தருவார்கள்.

பதினேழாம் நாள் மச்சானுக்குப் பதில் வந்தது. ஒரு நன்றி, ஒரு வரி: கோப்பு மீட்கப்பட்டது. பக்கத்தைத் திறந்தேன். படம் இருந்தது. ஆக்கியவர் என்ற இடத்தில் மச்சானின் பெயர், கீழே அனுமதி எண். 960 பிரதியின் மேல் மூலக் கோப்பைப் புதிய பதிப்பாக நான் ஏற்றினேன். கட்டுரையில் மட்டும் படம் தானாக வரவில்லை; தானியங்கி கழற்றியதை யாரும் திரும்பப் பூட்டமாட்டார்கள், நாமே போய்ச் சேர்க்க வேண்டும்.

சேர்த்துவிட்டு மச்சானுக்கு இணைப்பை அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எடுத்தார். "என்ர பெயர் சரி. ஆனா கீழ 'இரணைமடு அணைக்கட்டு' எண்டு போட்டிருக்கிறாய். அது அணைக்கட்டில்லை மச்சான், வான் கதவு." அழைப்பை வைக்காமலே திருத்தினேன்.